இரண்டு கருவிகளை ஒப்பிட எத்தனை பேர் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடு எழுதும் காலம் வந்தால் முதுநிலை மருத்துவ மாணவர்கள் என் மேசைக்கு வருவார்கள். கருவி வேறு, துறை வேறு, சந்தேகம் மட்டும் ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பக்கம் முழுக்க ஒரே உதாரணம்தான்: விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கையடக்க ஹீமோகுளோபின் மீட்டர் ஒருபுறம், ஆய்வகத்துப் பெரிய தானியங்கி அனலைசர் மறுபுறம். அளவெல்லாம் டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. இந்த மீட்டர் பற்றிய எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

லிமிட்ஸ் ஆஃப் அக்ரிமென்ட்னா என்ன? அதுக்கும் சாம்பிள் சைஸுக்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு கருவியிலும் அளக்கிறோம். மீட்டர் காட்டியதிலிருந்து அனலைசர் காட்டியதைக் கழிக்கிறோம். அந்த வித்தியாசங்களின் சராசரி, மீட்டர் பொதுவாக எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று சொல்லும். வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை s என்று வைத்துக்கொண்டு, சராசரியிலிருந்து 1.96 × s கீழேயும் மேலேயும் போனால் இரண்டு எல்லைகள் கிடைக்கும். வித்தியாசங்கள் ஏறக்குறைய இயல்நிலைப் பரவலில் இருந்தால் நூற்றுக்கு 95 வித்தியாசங்கள் இவற்றுக்குள் விழும். இவையே உடன்பாட்டு எல்லைகள்.

பலர் நினைப்பது போல, ஆட்களைக் கூட்டினால் இந்த எல்லைகள் நெருங்கி வராது. மீட்டர் மோசமானது என்றால் பத்தாயிரம் பேரை அளந்தாலும் எல்லைகள் அகலமாகத்தான் இருக்கும். ஆட்கள் கூடக் கூட மாறுவது வேறொன்று. எல்லைக்கோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதே ஒரு மதிப்பீடுதான். குறைந்த ஆட்களை வைத்துப் போட்டால் அந்தக் கோடு ஈரச் சுவரில் போட்ட சாக்பீஸ் கோடு மாதிரி கலங்கித் தெரியும். அந்தக் கலக்கத்தின் அகலம்தான் எல்லையின் 95% நம்பிக்கை இடைவெளி. மாதிரி அளவு என்று நாம் கணக்கிடுவது அதைக் கட்டுக்குள் வைக்கத்தான்.

பிளாண்டும் ஆல்ட்மனுமே 17 பேரை வச்சுத்தானே செஞ்சாங்க? எனக்கு 30 போதாதா?

மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட்டில் எழுதிய கட்டுரையைச் சொல்கிறீர்கள். மூச்சுக்காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் ரைட் மீட்டரையும் மினி ரைட் மீட்டரையும் 17 பேரிடம் ஒப்பிட்டார்கள். சராசரி வித்தியாசம் நிமிடத்துக்கு −2.1 லிட்டர், திட்டவிலக்கம் 38.8. 1.96-க்குப் பதில் 2 வைத்துப் போட்ட எல்லைகள் −79.7, +75.5. இத்தோடு நிறுத்திவிட்டுத்தான் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. கீழ் எல்லைக்கு நம்பிக்கை இடைவெளி போட்டார்கள்: −114.3 முதல் −45.1 வரை. மேல் எல்லைக்கு 40.9 முதல் 110.1 வரை. இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்கு ஆட்கள் குறைவு, வித்தியாசங்களின் பரவல் அதிகம் என்று அவர்களே காரணமும் எழுதினார்கள். அந்த 17, முறையை விளக்கக் கையாண்ட உதாரணம். இத்தனை பேர் போதும் என்று அவர்கள் சொல்லவில்லை.

உங்கள் 30-ஐயும் போட்டுப் பார்த்துவிடுவோம். 30 பேருக்கு ஒவ்வொரு எல்லையும் இருபுறமும் ஏறக்குறைய 0.65 × s கலங்கும். நம் ஹீமோகுளோபின் மீட்டருக்கு s 0.8 என்றால் அது 0.52 கிராம். மேல் எல்லை 1.7 என்று எழுதுவீர்கள், உண்மையில் அது 1.2-ஆகவும் இருக்கலாம், 2.2-ஆகவும் இருக்கலாம். முதலாவது நல்ல மீட்டர், இரண்டாவதை வார்டுக்குள் விடக்கூடாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாத ஆய்வை எதற்குச் செய்வது?

அப்போ எல்லாருக்கும் 100னு போட்டுடலாமா?

100 பேர் நல்ல அளவு என்று பிளாண்டே சொல்லியிருக்கிறார். அந்த எண்ணுக்கு எல்லை இருபுறமும் சுமார் 0.34 × s கலங்கும். 200-க்கு 0.24 × s, 400-க்கு 0.17 × s. கலக்கத்தைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது, கவனியுங்கள்.

முன்தகவல் எதுவுமே கையில் இல்லை என்றால் 100-இல் தொடங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 0.34 × s என்பது உங்கள் கருவிக்கு எத்தனை கிராம், அது நோயாளிக்குப் பெரிதா சிறிதா என்று பார்க்காமல் 100 என்று எழுதினால் அது கணக்கு ஆகாது, வழக்கம் மட்டுமே.

சரி, ஃபார்முலா குடுங்க. எப்படிக் கணக்குப் போடுறது?

ஆட்களின் எண்ணிக்கை n என்றால் எல்லையின் திட்டப்பிழை ஏறக்குறைய `sqrt(2.92/n) × s`. பல இடங்களில் 2.92-ஐ 3 என்று முழுமையாக்கிப் போடுவார்கள், பெரிய வேறுபாடு இல்லை. எல்லை இருபுறமும் w-க்கு மேல் கலங்கக்கூடாது என்றால்:

```
n = 1.96^2 × 2.92 × (s/w)^2
  = 11.2 × (s/w)^2
```

s 0.8, w 0.2 என்று வையுங்கள். s/w நான்கு, அதன் வர்க்கம் 16, அதை 11.2-ஆல் பெருக்கினால் 180 பேர். w-ஐ 0.3 ஆகத் தளர்த்தினால் 80 பேர் போதும். 0.25 என்றால் 115. இந்த w எவ்வளவு இருக்க வேண்டும் என்று புள்ளியியல் சொல்லாது. "மேல் எல்லை 1.5 என்பதற்குப் பதில் 1.7 ஆக இருந்தால் ரத்தம் ஏற்றும் முடிவில் ஏதாவது மாறுமா?" என்று வார்டில் இருப்பவரைக் கேளுங்கள். மாறாது என்றால் 0.2 போதுமான துல்லியம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அதைச் சொல்ல முடியாது.

என் பழைய ஆர்டிகிள்ல ஹீமோகுளோபின் எஸ்.டி. 2.1னு இருக்கு. அதைத்தானே s-ஆ போடணும்?

கூடாது. மேசைக்கு வரும் பத்துப் பேரில் நான்கு பேராவது செய்யும் தவறு இது. 2.1 என்பது நோயாளிக்கு நோயாளி ஹீமோகுளோபின் எவ்வளவு வேறுபடுகிறது என்பது. நமக்கு வேண்டியது, ஒரே ஆளிடம் இரண்டு கருவிக்கும் இடையிலான வித்தியாசத்தின் திட்டவிலக்கம். 2.1-ஐப் போட்டு w 0.2 என்றால் 1,240 பேர் வரும். அதைப் பார்த்துப் பயந்து, மாணவர் w-ஐ 1 ஆக்கிவிட்டு வந்து நிற்பார்.

சரியான s பெரும்பாலும் பழைய கட்டுரையிலேயே ஒளிந்திருக்கும். உடன்பாட்டு எல்லைகள் −1.4 முதல் +1.7 வரை என்று போட்டிருந்தால், இடையிலான தூரம் 3.1. அதை 3.92-ஆல் வகுத்தால் 0.79, அதாவது 0.8. அப்புறம் ஒன்று பாருங்கள். அந்தக் கட்டுரையில் விரல் நுனி ரத்தத்தை மீட்டரிலும் நரம்பு ரத்தத்தை அனலைசரிலும் போட்டார்களா, அல்லது ஒரே குழாய் ரத்தத்தை இரண்டிலும் போட்டார்களா? இரண்டாவது என்றால் s சின்னதாக வரும். ஏனென்றால் விரலைப் பிதுக்கும்போது திசுநீர் கலப்பது, குவெட்டில் காற்றுக்குமிழி நிற்பது போன்ற தொல்லைகளில் பாதி அங்கே இல்லை. உங்கள் ஆய்வு விரல் நுனியில் என்றால் அந்த s உங்களுக்கு உதவாது.

நான் 20 பேர் வச்சு பைலட் பண்ணி s 0.8னு எடுத்தேன். அதை நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். 20 பேரில் கிடைத்த 0.8-இன் 95% நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 0.61 முதல் 1.17 வரை. மாதிரி அளவில் s வர்க்கமாக ஏறுவதால், உண்மை 1.17 என்றால் 180 என்று போட்ட இடத்தில் 385 பேர் தேவைப்பட்டிருக்கும்.

நான் செய்வது இது: பைலட் s-ஐ அப்படியே போடாமல் அதன் ஒருபக்க 80% மேல் வரம்பைப் போடுவேன். 20 பேருக்கு அது 1.18 மடங்கு, அதாவது 0.94. அப்படிப் போட்டால் n 180-லிருந்து ஏறக்குறைய 250 ஆகும். வலிக்கும்தான். ஆனால் ஆய்வு முடிந்தபின் போதவில்லை என்று தெரியவருவது இதைவிட வலிக்கும்.

கைடு கோரிலேஷன் வச்சுக் கணக்குப் போடச் சொல்றார். r 0.9னு போட்டா ஏழு பேர்தான் வருது. நிஜமாவா?

கணக்கு சரி, கேள்விதான் வேறு. அந்த ஏழு, r பூச்சியம் இல்லை என்று நிரூபிக்க 80% திறனோடு தேவைப்படும் எண்ணிக்கை. இரண்டு ஹீமோகுளோபின் கருவிகளுக்குள் ஒட்டுறவு பூச்சியமாக இருக்கும் என்று யாராவது சந்தேகப்பட்டார்களா? ஒரு கருவி எப்போதும் 3 கிராம் கூட்டிக் காட்டினாலும் r 1 ஆகவே இருக்கும்.

இணை டி-டெஸ்ட் வைத்து எண்ணிக்கை போடுவதும் இதே ரகம்தான். அது சராசரி வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். பாதிப் பேருக்கு 2 கூட்டியும் பாதிப் பேருக்கு 2 குறைத்தும் காட்டும் மீட்டர் அதில் அழகாகத் தேறிவிடும். ஆட்கள் குறையக் குறைய p மதிப்பு பெரிதாகும், மோசமான ஆய்வுக்குத்தான் "வேறுபாடு இல்லை" என்ற பரிசு கிடைக்கும். கைடிடம் நேராக மறுத்துப் பேச வேண்டாம். ஆய்வின் நோக்கம் என்ற பத்தியில் "உடன்பாட்டு எல்லைகளை மதிப்பிடுதல்" என்று இருந்தால் எண்ணிக்கையும் அதற்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

மீட்டர் "ஏத்துக்கலாம்"னு நிரூபிக்கணும். ±2 கிராம்தான் வரம்புன்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டோம். அதே ஃபார்முலாவா?

இல்லை, இங்கே கேள்வி ஒரு படி கூடுகிறது. எல்லைகள் மட்டும் ±2-க்குள் இருந்தால் போதாது, அவற்றின் நம்பிக்கை இடைவெளியின் வெளி விளிம்பும் உள்ளே இருக்க வேண்டும். s 0.8, மீட்டர் சராசரியாக 0.2 கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். மேல் எல்லை 0.2 + 1.57, ஏறக்குறைய 1.77. வரம்புக்கு மிச்சம் 0.23 மட்டும்தான்.

அந்த 0.23-ஐயே w ஆகப் போட்டால் சுமார் 134 பேர் வரும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கிடைக்கும் மேல் எல்லை ஒரு ஆய்வில் கொஞ்சம் மேலே போகும், இன்னொன்றில் கீழே போகும். அதனால் 134 பேரோடு நீங்கள் நிரூபித்துக் காட்டும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டுவது மாதிரிதான். 80% திறன் வேண்டுமென்றால் 1.96-க்குப் பதில் 1.96 + 0.84 போட வேண்டும்:

```
n = ((1.96 + 0.84)^2 × 2.92 × 0.8^2) / 0.232^2
  ≈ 273
```

கீழ் எல்லை −1.37, வரம்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருப்பதால் இங்கே அதைப் பற்றிக் கவலை இல்லை. சராசரி வித்தியாசம் பூச்சியத்தை ஒட்டி இருந்தால் இரண்டு பக்கமும் தோற்க வாய்ப்பு உண்டு, அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறை வேண்டும். லூவும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் கொடுத்த முறை அதற்குத்தான். மெட்கால்க் மென்பொருளில் இருப்பதும் அதுவே.

இதே கணக்கில் சராசரி வித்தியாசத்தை 0.2-லிருந்து 0.4 ஆக்கிப் பாருங்கள். மேல் எல்லை 1.968, மிச்சம் 0.032. n பதினாலாயிரத்தைத் தாண்டும். 0.5 ஆக்கினால் எல்லையே வரம்புக்கு வெளியே, எந்த எண்ணிக்கையும் காப்பாற்றாது. n இப்படித் தலைகால் தெரியாமல் ஏறினால், கருவி வரம்பின் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். ஆட்களைத் தேடுவதை விட்டுவிட்டு மீட்டரைத் திருப்பி அளவுத்திருத்தம் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

30 பேர்கிட்ட ஆளுக்கு நாலு தடவை எடுத்துட்டா 120 ஆயிடுமே?

ஆகாது. ஒரு ஆளிடம் மீட்டர் கூட்டிக் காட்டினால் அடுத்த மூன்று தடவையும் அநேகமாகக் கூட்டித்தான் காட்டும். அந்த ஆளின் தோல் தடிமன், ரத்தத்தில் கொழுப்பு என்று ஏதோ ஒன்று நான்கிலும் கூடவே இருக்கிறது.

எண்ணாகவே பார்ப்போம். மொத்த மாறுபாடு 0.64 (0.8-இன் வர்க்கம்). அதில் 0.48 ஆளுக்கு ஆள் வருவது, 0.16 ஒரே ஆளுக்குள் தடவைக்குத் தடவை வருவது என்று வையுங்கள். சராசரி வித்தியாசத்தின் மாறுபாடு 0.48/30 + 0.16/120, ஏறக்குறைய 0.0173. 0.64-ஐ அதனால் வகுத்தால் 37. சராசரியைப் பொறுத்தவரை உங்கள் 120 அளவீடுகள், ஒரு தடவை மட்டும் அளக்கப்பட்ட 37 பேருக்குச் சமம். 90 தடவை கூடுதலாக விரலைக் குத்தியதற்கு ஏழு பேர் லாபம்.

நான்கையும் சராசரி எடுத்து ஆளுக்கு ஒரு எண்ணாக்கினால் என்ன என்பார்கள். அப்போது s செயற்கையாகச் சுருங்கும். வார்டில் நர்ஸ் ஒரே ஒரு தடவைதான் குத்துவார், அந்த எல்லைகள் அவருக்குப் பொருந்தாது. பல தடவை அளந்தே ஆக வேண்டிய ஆய்வு என்றால் ஆளுக்குள், ஆளுக்கிடையே என இரண்டு மாறுபாட்டையும் தனித்தனியே பிரித்துச் சேர்க்கும் முறையில் எல்லை போடுங்கள். n என்று எழுதுவது ஆட்களின் எண்ணிக்கையாகவே இருக்கட்டும்.

எண்ணிக்கை சரியா 180 எடுத்தேன். ஆனா கமிட்டியில "ரேஞ்ச் சரியில்ல"ங்கிறாங்க. என்ன அர்த்தம்?

யாரை எடுத்தீர்கள் என்பதைக் கேட்கிறார்கள். ஒரு மாணவர் ஆள் எளிதாகக் கிடைக்கிறது என்று ரத்ததானம் செய்ய வந்தவர்களையே முழுக்க எடுத்திருந்தார். இந்தியாவில் தானம் செய்ய ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். ஆக அவருடைய 180 பேரில் 12.5-க்குக் கீழ் ஒருவர் கூட இல்லை. மீட்டரை வாங்கப் போவதோ கர்ப்பிணிகளின் வார்டுக்கு, 7-லும் 8-லும் வருபவர்களுக்காக. எல்லைகள் அழகாக வந்தன. ஆனால் மீட்டரை எங்கே பயன்படுத்தப் போகிறார்களோ அந்த இடத்தைப் பற்றி அவை எதுவுமே சொல்லவில்லை.

முன்கூட்டியே ஒதுக்கீடு செய்யுங்கள்: 8-க்குக் கீழ் இத்தனை பேர், 8 முதல் 11 வரை இத்தனை பேர், மேலே இத்தனை பேர். அளவு கூடக் கூட வித்தியாசமும் விரிந்துகொண்டே போனால் (சர்க்கரை மீட்டரில் இது சகஜம்) கிராமிலோ மில்லிகிராமிலோ ஒரே எல்லை போடக்கூடாது. வித்தியாசத்தைச் சதவீதமாகவோ மடக்கை எடுத்தோ பார்க்க வேண்டும். அப்போது s, w இரண்டும் சதவீதத்தில் வரும், ஃபார்முலா அதேதான்.

டிராப் அவுட்டுக்கு 10% கூட்டணும்னா 198 தானே?

200. ரத்தம் உறைந்துபோன குழாய், போதாத துளி என்று பத்தில் ஒன்று வீணாகும் என்றால், எடுப்பதில் 90% தான் மிஞ்சும். 180-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 1.1-ஆல் பெருக்கக்கூடாது. வீணாவது என்பது ஜோடியில் ஒன்று இல்லாமல் போவது மட்டும்தான். வித்தியாசம் பெரிதாக வந்ததால் தூக்கிப்போடுவது இந்தக் கணக்கில் சேராது.

எத்திக்ஸ் கமிட்டிக்கு இதை எப்படி எழுதுறது?

நாலு வரி போதும். "மீட்டருக்கும் அனலைசருக்கும் இடையிலான வித்தியாசத்தின் திட்டவிலக்கம், விரல் நுனி ரத்தத்தைக் கொண்டு செய்யப்பட்ட முந்தைய ஆய்வின்படி 0.8. 95% உடன்பாட்டு எல்லை ஒவ்வொன்றையும் ±0.2 துல்லியத்தில் (95% நம்பிக்கை இடைவெளி) மதிப்பிட 180 பேர் தேவை. 10% இழப்புக்கு ஈடாக 200 பேர் சேர்க்கப்படுவர். ஒருவருக்கு ஒரு ஜோடி அளவீடு." எந்த ஆய்வு என்று பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ±2 வரம்பு மாதிரி ஏதாவது வைத்திருந்தால் அதையும் இங்கேயே எழுத வேண்டும், முடிவைப் பார்த்தபின் வரம்பு வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆய்வு முடிஞ்சிடுச்சு. s 1.1 வந்துட்டுது. 180 பத்தாதுன்னு இப்பதான் தெரியுது. இனி என்ன பண்ணலாம்?

முதலில் என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஆர் மென்பொருளில் நான்கு வரி:

```r
n <- 180; s <- 1.1; d <- 0.1
se <- s * sqrt(1/n + 1.96^2/(2*(n-1)))
ci <- c(-1, 1) * qt(0.975, n-1) * se
d + 1.96*s + ci
```

சராசரி வித்தியாசம் 0.1 என்று வைத்தால் மேல் எல்லை 2.26, அதன் நம்பிக்கை இடைவெளி 1.98 முதல் 2.53 வரை. திட்டமிட்ட 0.2 துல்லியம் கிடைக்கவில்லை, 0.28 தான் கிடைத்தது. ஆனால் ±2 வரம்பு வைத்திருந்தீர்கள் என்றால் பதில் ஏறக்குறைய வந்துவிட்டது: மீட்டர் அதற்குள் நிற்கும் என்று சொல்ல வழியில்லை. இன்னும் 150 பேரைச் சேர்த்தாலும் அது மாறப்போவதில்லை, கலக்கம்தான் கொஞ்சம் குறையும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வரைபடத்தில் எல்லைக்கு வெளியே நிற்கும் ஏழெட்டுப் புள்ளிகளை "அவுட்லையர்" என்று நீக்கிவிட்டு s-ஐ 0.8-ஐ நோக்கி இறக்குவது. 180 பேரில் ஒன்பது பேர் வெளியே விழுவது எதிர்பார்த்ததுதான், நூற்றுக்கு ஐந்து என்பதே அதன் பொருள். குழாயில் பெயர் மாறிப்போனது மாதிரி எழுத்தில் பதிவான காரணம் இருந்தால் மட்டும் நீக்குங்கள், அதையும் ஆய்வேட்டில் சொல்லிவிட்டு. மற்றபடி 180, 1.1, 0.28 மூன்றையும் வந்தபடியே எழுதுங்கள். அடுத்த ஆள் தன் கணக்குக்கு s தேடி உங்கள் ஆய்வேட்டைத்தான் புரட்டுவார்.